வெளிநாட்டு முதலாளிக்கு மனு வேண்டாம், கடிதம் போதும்

கட்டாரில் ஹோட்டல் சமையலறை வேலை கிடைத்த தோட்டத்துத் தம்பி ஒருவர், கம்பனிக்கு அனுப்பவிருந்த கடிதத்தை நம்மிடம் காட்டினார். குடும்பக் கஷ்டம், தாயின் சுகவீனம், லயத்துக் கூரை ஒழுகுவது என ஒன்றரைப் பக்கம். கேட்க வந்த விடயம் கடைசி வரியில்தான் இருந்தது. விசா விண்ணப்பத்தில் பெயர் பிழை.

பெரிய துரைக்கு மனு எழுதிப் பழகிய கை நமது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கடிதத்தை வாசிப்பவர் ஓர் அலுவலர். அவருக்கு வேண்டியது எந்த எழுத்துப் பிழை, எதைப் பார்த்துத் திருத்துவது, எப்போதைக்குள் என்பதே.

பெயர்ப் பிழை நமக்குப் புதிதல்ல. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். விசாவுக்குக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துத்தான் கணக்கு. தம்பியின் தந்தை பெயர் அதில் RAMAIAH. கம்பனி பதிந்தது RAMIAH. ஓர் எழுத்துத்தானே என்று விடக்கூடாது. கட்டாருக்குப் போகிறவர்கள் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தக் கையொப்பம் எல்லாம் முடிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தொடங்குவது முதலாளி. ஆகவே திருத்தத்தையும் அவரிடமே கேட்க வேண்டும், அதுவும் கொழும்புக்குப் பஸ் ஏறுமுன்.

நாம் சேர்ந்து எழுதியது இவ்வளவே. பிறகு அதை ஆங்கிலத்தில் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பினோம்.

“ஐயா, நியமனக் கடிதமும் விசா இலக்கமும் கிடைத்தன. விரைவாக அனுப்பியமைக்கு நன்றி. விண்ணப்பத்தில் என் தந்தை பெயர் RAMIAH என உள்ளது. கடவுச்சீட்டில் RAMAIAH. கடவுச்சீட்டின் புகைப்படப் பக்கத்தை இணைத்துள்ளேன். விசா நிலையத்தில் நாள் பதியுமுன் இதைத் திருத்தித் தருமாறு அன்புடன் கேட்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் நாள் பதிய வசதியாக இருக்கும். விசா இலக்கம் மாறினால் அதையும் அறியத்தாருங்கள்.”

கீழே முழுப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வேலையின் பெயர், தொலைபேசி.

நன்றி அவர்கள் செய்த ஒரு காரியத்துக்கு, ஒரு வரியில் இருக்கிறது. மரியாதை இருக்கிறது, கெஞ்சல் இல்லை. “நான் எழுதிவிடுகிறேன்” என்று முன்வரும் உப முகவரிடம் இதை விடாதீர்கள். அவர் கைபேசியிலிருந்து போனால் பதிலும் அவருக்கே வரும். நம் கையில் எழுத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அந்த மின்னஞ்சலையும் பதிலையும் நியமனக் கடிதத்தோடு அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விசா நிலையத்தில் ஒப்பந்தம் காட்டப்படும்போது சம்பளமும் வேலையும் நியமனக் கடிதத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அன்று கையொப்பமிடாமல், இதே மாதிரி இன்னொரு கடிதம் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமானால் நம் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.