ஃபைலில் வைத்திருக்கிறோம்

“தங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி. தங்கள் தகுதிகள் எங்களைக் கவர்ந்தன. எனினும் இம்முறை தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம். தங்கள் விவரங்களை எங்கள் ஃபைலில் வைத்திருக்கிறோம். பொருத்தமான வாய்ப்பு வரும்போது தங்களைத் தொடர்பு கொள்வோம்.”

இந்த ஐந்து வரியை வாங்காத வீடு சென்னையில் உண்டா? முன்பு தபாலில் வந்தது, இப்போது மெயிலில் வருகிறது, எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது. வரிகள் மட்டும் மாறவில்லை. முதல் மூன்று வரிகளோடு எனக்குத் தகராறு இல்லை. மரியாதைக்குச் சொல்வது, சொல்லிவிட்டுப் போகட்டும். நாலாவது பாதி நிஜம். ஃபைலில் இருக்கும், ஆனால் அந்த ஃபைலை யாரும் திறக்கப் போவதில்லை. ஐந்தாவது வரி பச்சைப் பொய். ரொம்பப் பண்பாகச் சொல்லப்படுகிற பொய்.

‘போகட்டும் விடுங்க சார், மனசு நோகக்கூடாதுன்னு நாலு நல்ல வார்த்தை எழுதறாங்க, இதுக்குப் போய்...’ என்று நீங்கள் நினைக்கலாம். காசிமேட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

அங்கே ஒரு பையன். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பையன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தான். எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ். தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் வாங்கிவிட்டான். பயிற்சி முடிந்த வாரம் வந்ததுதான் மேலே இருக்கிற ஐந்து வரி. அவனுக்கு அது ‘இல்லை’ என்று படவில்லை. ‘கொஞ்சம் பொறு’ என்று பட்டது. திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் கூப்பிட்டார்கள், போகவில்லை. ‘அதுல சேந்துட்டா இவங்க கூப்பிடறப்போ எப்படிண்ணே போறது?’ என்கிறான். எட்டு மாசம். மொபைல் நம்பரை மாற்றக்கூட பயம், கூப்பிட்டால் கிடைக்காமல் போய்விடுமே.

ஒரு பட்டறைக்காரன் எட்டு மாசம் தருகிற கூலியை இந்த ஐந்தாவது வரி சாப்பிட்டுவிட்டது. கருணைக்கு இவ்வளவு செலவா?

இதே காசிமேட்டில் படகு முதலாளிகளும் ஆள் வேண்டாம் என்று சொல்கிறார்கள். எப்படித் தெரியுமா? “இந்த வாட்டி ஆளு ஃபுல்லுப்பா. தடை முடிஞ்சு போட் எறங்கறப்போ வா. அதுக்கு முன்னாடி வலை வேலைக்கு வந்தீன்னா பாக்கலாம்.” நன்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனால் எல்லாம் இருக்கிறது. இப்போது இல்லை என்பது இருக்கிறது. ஏன் இல்லை என்பது இருக்கிறது. எப்போது வரலாம் என்பதும் இருக்கிறது: கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது, 2017-லிருந்து 61 நாள். போட் எறங்கும் தேதி எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இவன் என்ன செய்தால் இடம் கிடைக்கும் என்பதும் இருக்கிறது. அதுவரை வேறு எங்கே வேண்டுமானாலும் கூலிக்குப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எம்.பி.ஏ. படித்த ஹெச்.ஆர். மேனேஜரின் கடிதத்தில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை.

நான் படித்தது பி.காம். கணக்குப் பதிவியலில் ஒரு விதி உண்டு. வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒரு பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டால் அதை மறைக்கக்கூடாது, குறைந்தபட்சம் இருப்புநிலைக் குறிப்பின் அடிக்குறிப்பிலாவது எழுத வேண்டும். வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு ‘தொடர்பு கொள்வோம்’ என்று எழுதுகிற கம்பெனி அதை எங்கே எழுதி வைத்திருக்கிறது? செக்குக்குக்கூட மூன்று மாசம்தான் ஆயுள், 2012 ஏப்ரல் 1 முதல். இந்த வாக்குறுதிக்குத் தேதியே கிடையாது. காலாவதியாகாத செக் என்றால் பணமில்லாத செக் என்றுதான் அர்த்தம்.

வெளியிலிருந்து விண்ணப்பிக்கிறவர் கதை ஒரு மாதிரி. அப்ரண்டிஸ் கதை வேறு. அவன் ஒரு வருஷம் உள்ளே இருந்தவன். அவன் கை எப்படி என்று உங்கள் ஃபோர்மேனுக்குத் தெரியும். அவனுக்கும் அதே அச்சடித்த ஐந்து வரியை அனுப்புவது அவமானம். சட்டப்படியும் அவன் தெருவில் போகிறவன் இல்லை.

1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தில் 22-வது பிரிவு என்று ஒன்று. பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றுதான் அது முதலில் சொன்னது. 2014-ல் திருத்தினார்கள். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறது. என்ன கொள்கை என்று சட்டம் சொல்லவில்லை. ‘யாரையும் எடுக்க மாட்டோம்’ என்பதே உங்கள் கொள்கையாக இருக்கலாம். தாராளமாக இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்லுங்கள். கொள்கை அலமாரிக்குள்ளே, ‘தொடர்பு கொள்வோம்’ கடிதத்திலே என்றால் எப்படி?

கதவைத் திறந்து வைப்பது என்றால் என்ன என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் போட்ட வழக்கு அது. மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் வெளியாளை விட பயிற்சி முடித்தவனுக்கு முன்னுரிமை கொடு என்றது கோர்ட். அவன் பெயர் வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம் வர வேண்டியதில்லை என்றது. வயது வரம்பு குறுக்கே வந்தால் பணி விதிகளில் இருக்கிறபடி தளர்த்து, விதியில் ஒன்றும் இல்லையென்றால் பயிற்சி எடுத்த காலத்தின் அளவுக்குத் தளர்த்து என்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது: பயிற்சி முடித்தவர்களின் பட்டியலை வருஷவாரியாக வைத்திரு, முன்னால் முடித்தவன் சீனியர். ஃபைல் இல்லை, கவனியுங்கள். பட்டியல். வரிசை உள்ள பட்டியல்.

இதற்கும் எல்லை உண்டு, மறைக்கவில்லை. ‘மற்றவை சமமாக இருந்தால்’ என்ற மூன்று வார்த்தைக்குள்ளே நிறைய ஒளிந்துகொள்ளலாம். தேர்வு வைத்தால் தேர்வு எழுதத்தான் வேண்டும். அந்த வழக்கு ஓர் அரசு நிறுவனத்தைப் பற்றியது. எண்ணூர் தனியார் கம்பெனிக்காரர் ‘அது எனக்கு இல்லை’ என்பார். சரி, கோர்ட் கட்டாயப்படுத்தாவிட்டால் ஒரு பட்டியல் போடக் கை வராதா?

ரயில்வேயைப் பாருங்கள். அங்கே பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்குக் கீழ்நிலைப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 சதவீத இடம். அது போதாது, எல்லோருக்கும் நிரந்தர வேலை வேண்டும் என்று 2018 மார்ச் 20 அன்று மும்பை தாதர், மாட்டுங்கா இடையே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். காலை நேர ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. கதவை அளந்து வைத்தால் சண்டையே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே சண்டை ஓர் எண்ணைப் பற்றி. காசிமேட்டுப் பையன் எதைக் காட்டிச் சண்டை போடுவான்?

‘காரணம் எழுதினா கேஸ் போடுவாங்க சார்’ என்பது ஹெச்.ஆர்.காரர்களின் நிரந்தரப் பாட்டு. எந்தக் காரணம் என்பதைப் பொறுத்தது. ‘எங்கள் சூழலுக்கு நீங்கள் பொருந்தவில்லை’ என்று எழுதினால் கோபம் வரத்தான் செய்யும். அதற்கு என்ன அர்த்தம்? வடசென்னையில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான், ‘அட்ரஸைப் பார்த்தாங்கண்ணே’ என்று. வரைபடம் படிக்கத் தெரியாததால் போனதா, 600013 என்ற பின்கோடால் போனதா என்று அவனுக்குத் தெரியாது. மழுப்பலான கடிதம் அவனைத் தெரிந்துகொள்ளவே விடாது. உண்மையிலேயே அட்ரஸைப் பார்த்துக் கழித்தவருக்கும் அதே கடிதம்தான் முகமூடி. மதிப்பெண்ணும் வரிசை எண்ணும் எழுதுகிறவருக்கு எதற்குப் பயம்?

எப்படி எழுதலாம் என்று கேட்டால், உதாரணத்துக்கு இப்படி:

“உங்கள் பயிற்சி மே 31 அன்று முடிகிறது. உங்களுக்கு இப்போது வேலை தர முடியவில்லை. ஃபிட்டர் பிரிவில் 2 இடங்கள் இருந்தன, பயிற்சி முடித்தவர்கள் 14 பேர். நீங்கள் ஐந்தாவது இடம். செய்முறையில் நன்றாகச் செய்தீர்கள், வரைபடம் படிப்பதில் மதிப்பெண் குறைந்தது. இந்தப் பட்டியல் அடுத்த வருஷம் மே 31 வரை செல்லும். அதற்குள் இடம் காலியானால் வரிசைப்படி அழைப்போம், 7 நாளில் பதில் வேண்டும். அதற்குப் பிறகு பட்டியல் ரத்து, நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இடையில் வேறு வேலை கிடைத்தால் சேருங்கள். அதனால் உங்கள் வரிசை எண் போகாது.”

கடைசி இரண்டு வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். கருணை அங்கேதான் இருக்கிறது. அது இருந்திருந்தால் அந்தப் பையன் அடுத்த நாளே பட்டறையில் நின்றிருப்பான். ‘ஐந்தாவது’ என்று சொன்னதும் உதவிதான். முன்னால் இருப்பவர்கள் எத்தனை பேர், ஒரு வருஷத்தில் எத்தனை பேர் ரிட்டயர் ஆவார்கள் என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். 14-வது இடத்துக்காரன் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பத்துப் பேர் வேலை செய்கிற சின்ன பட்டறைக்கு இதெல்லாம் முடியுமா? முடியாது. அவர்கள் பட்டியல் வைக்க வேண்டாம். ‘இல்லை, வேறு இடம் பாருங்கள்’ என்று எழுதினால் போதும். இல்லாத கதவை வரைந்து காட்டாமல் இருந்தாலே பெரிய உபகாரம். பதிலே போடாமல் இருப்பவர்களைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் பதில் போடச் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். பட்டியல் இருக்கிறதா, என் இடம் எத்தனை, எந்தத் தேதி வரை செல்லும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா. அப்ரண்டிஸாக இருந்தவன் என்றால் 22-வது பிரிவின்படி வகுத்த கொள்கையின் நகல் ஒன்றும் கேட்கட்டும். இரண்டு வாரம் பார்க்கலாம். பதில் வந்தால் கதவு இருக்கிறது. வராவிட்டால், அல்லது அதே ஐந்து வரி மறுபடி வந்தால், அங்கே சுவர்தான். மறுநாள் காலையில் திருவொற்றியூர் பஸ்ஸைப் பிடிக்கச் சொல்லுங்கள்.