'முடித்துவைக்கப்பட்டது' என்று யார் சொல்வது?

"தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. கட்டணம் விதிகளின்படியே வசூலிக்கப்பட்டுள்ளது. புகார் முடித்துவைக்கப்படுகிறது." சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, கிரெடிட் கார்டு வழங்கிய வங்கியிடமிருந்து ஐந்து முறை வந்த பதில் இது. ஐந்திலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது புகார் எண் மட்டும்தான்.

ஆயுள் முழுக்க ஆண்டுக் கட்டணம் கிடையாது என்று சொல்லித்தான் அந்தக் கார்டை அவரிடம் கொடுத்தார்கள். வரவேற்புக் கடிதத்திலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. ஆனால் இரண்டாம் ஆண்டு பில்லில் 499 ரூபாய் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக 588 ரூபாய் 82 காசு ஏறியது. அவர் கட்டவில்லை. தாமதக் கட்டணம், அதற்கு வரி, வட்டி என மூன்றே பில்களில் அது 2,000 ரூபாயைத் தாண்டியது. தொகையைவிட, 'சிபில் ஸ்கோர்' விழுந்துவிடுமோ, மகனுடைய வீட்டுக் கடனில் தன்னால் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட முடியாமல் போகுமோ என்பதுதான் அவரை வாட்டியது.

விதி அவர் பக்கம் இருந்தது. பில்லை வாடிக்கையாளர் மறுத்தால் 30 நாள்களுக்குள் விளக்கம் தரவேண்டும், தேவையான இடத்தில் ஆவணமும் காட்டவேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கிரெடிட் கார்டு விதிகள் சொல்கின்றன. 'விதிகளின்படியே' என்ற ஒற்றை வரி விளக்கமே அல்ல. எந்த விதி, எந்தத் தேதியில், யாருடைய கையெழுத்தோடு என்பதுதான் விளக்கம்.

ஆசிரியை செய்த பிழை, நம்மில் பலரும் செய்வது. பதில் வந்த ஒவ்வொரு முறையும் புதிதாகப் புகார் பதிந்தார். புதிய எண் கிடைத்ததும் வங்கியின் கணக்கில் நாள்கள் ஒன்றிலிருந்து தொடங்கிவிடுகின்றன. பழைய புகாரோ தீர்ந்ததாகப் பதிவாகிவிடுகிறது. ஆறாவது முறை அவர் புதிய எண் வாங்கவில்லை. முதல் மின்னஞ்சலின் தொடர்ச்சியாகவே, வங்கியின் இணையதளத்தில் பெயரும் முகவரியும் போட்டிருக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கு எழுதினார். முதல் புகாரின் தேதி, எண், தொகை ஆகியவற்றோடு வரவேற்புக் கடிதத்தின் நகலையும் சேர்த்தார். கேட்டது இரண்டே: கட்டணத்துக்கு நான் சம்மதித்த ஆவணத்தைக் காட்டுங்கள், தகராறு தீரும்வரை என்னைக் கடன் தவறியவராக சிபிலுக்குத் தெரிவிக்காதீர்கள். இந்த இரண்டாவது கோரிக்கைக்கும் அதே விதிகளில் இடம் இருக்கிறது.

30 நாள் கடந்தும் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் பதியலாம். ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்துமூலம் புகார் செய்திருக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் கால் சென்டரில் மணிக்கணக்கில் பேசியது கணக்கில் வராது. கோரிக்கையை எழுதும் விதமும் முக்கியம். 'கட்டணம் அதிகம்' என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று மனு தள்ளுபடியாகலாம். 'நான் சம்மதிக்காத கட்டணம்' என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு.

ஆறாவது கடிதம் போய் 12ஆம் நாள் முழுத் தொகையும் திரும்ப வரவு வைக்கப்பட்டது. அப்படியென்றால் முதல் ஐந்து கடிதங்களை யார் படித்தார்கள்?

வங்கி ஒரு புகாரை முழுமையாகவோ பகுதியாகவோ நிராகரித்தால், அந்த முடிவைத் தெரிவிப்பதற்கு முன் அதைத் தன் உள் ஆம்புட்ஸ்மேனிடம் அனுப்பியாகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வாடிக்கையாளர் அவரை நேரே அணுக முடியாது, வங்கிதான் அனுப்பவேண்டும். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 'நிராகரிக்கப்பட்டது' என்று குறித்தால் கோப்பு மேலே போகும். 'தீர்க்கப்பட்டது' என்று குறித்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஆசிரியையின் ஐந்து புகார்களும் அந்த இரண்டாவது சொல்லோடுதான் மூடப்பட்டிருந்தன.

பணம் திரும்பத் தராத, ஆவணமும் காட்டாத எந்தப் பதிலையும் நிராகரிப்பாகவே கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும். அதே பில் குறித்து அதே வாடிக்கையாளர் மறுபடி எழுதினால் பழைய எண்ணும் பழைய தேதியுமே தொடரவேண்டும். புகார் தீர்ந்தது என்று குறிக்கும் உரிமை புகார் கொடுத்தவரிடம் இருக்கவேண்டும். வங்கி முடிக்க விரும்பினால் அவருடைய ஒப்புதலைக் கேட்டுப் பெறட்டும், கிடைக்காவிட்டால் கோப்பை உள் ஆம்புட்ஸ்மேனின் மேசைக்கு அனுப்பட்டும்.