டயாலிசிஸ் வந்தால் பத்தியம் மாறும்

சிறுநீரகக் கோளாறு என்றதும் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பருப்பும் முட்டையும். கடைசிவரை அதே பத்தியத்தில் இருந்துவிடுவதில்தான் ஆபத்து.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மூன்றாம், நான்காம் கட்டங்களில் நாளுக்கு 48 கிராம் புரதம் போதும். புரதம் செரித்து மிஞ்சும் யூரியாவை வெளியேற்ற சிறுநீரகம் திணறுகிறது. டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கு தலைகீழ். கழிவோடு அமினோ அமிலங்களும் வெளியேறுகின்றன; தசை கரைகிறது. தேவை 60 முதல் 72 கிராம். பழைய பத்தியத்தையே தொடர்பவர் உள்ளுக்குள் மெலிவார். உடலில் தேங்கும் நீர், எடை குறைவதை மறைத்துவிடும். பரிசோதனையில் ஆல்புமின் இறங்கியிருப்பது காட்டிக்கொடுக்கும்.

பொட்டாசியத்தைக் கட்டம் பார்த்து அல்ல, ரத்த அளவைப் பார்த்தே குறைக்க வேண்டும். அளவு சரியாக இருப்பவர் ஆரம்பக் கட்டத்திலேயே வாழைப்பழத்தைத் துறப்பது வீண் தியாகம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவருக்கோ இரண்டு நாள் இடைவெளிதான் கண்டம். அப்போது பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நிற்கக்கூடும். இளநீர் அவருக்கு ஆகாது.

பாஸ்பரஸ் விஷமம் பிடித்தது. டயாலிசிஸில் அது முழுதாக வெளியேறுவதில்லை. புரத உணவோடு ஒட்டிக்கொண்டே வரும். எனவே புரதத்தைக் கூட்டும்போது முட்டையின் வெள்ளைக்கரு தோது. ஒன்றில் சுமார் 3.5 கிராம் புரதம், பாஸ்பரஸ் சொற்பம். பருப்பிலுள்ள பாஸ்பரஸ் முழுதும் உடலில் சேராது. பாக்கெட் உணவிலும் கோலாவிலும் கலக்கும் பாஸ்பேட் பெரும்பாலும் சேர்ந்துவிடும். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால்தான் பலன். வெறும் வயிற்றில் அது பிடிப்பதற்கு எதுவும் இருக்காது.