மூன்று நாள் கெடு
கூகுள் பிளே வழியாகச் சந்தா விற்கும் நிறுவனங்கள், புதிய சந்தாதாரர் சிலருக்கு மூன்றாம் நாளில் பணம் திரும்பிப் போயிருப்பதைக் கண்டால் வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றன. ஆனால் பல வேளைகளில் அங்கே தவறியிருப்பது ஒப்புகை, அதாவது விற்பனையை ஏற்று உரிமையை வழங்கிவிட்டதாகச் செயலியோ அதன் சர்வரோ கடைக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி. திங்கட்கிழமை மாதச் சந்தாவாக 99 ரூபாய் செலுத்தியவரின் இணைய இணைப்பு அந்த நொடியில் அறுந்து, ஒப்புகை பின்னரும் அனுப்பப்படாமல் போனால், வியாழக்கிழமை கடை தானாகவே பணத்தைத் திருப்பித் தந்து சந்தாவையும் ரத்து செய்துவிடும். செயலி திறக்கப்படும்போதெல்லாம் `queryPurchasesAsync` மூலம் அந்தக் கணக்கின் நடப்புச் சந்தாக்களைக் கேட்டறிந்து, விடுபட்டவற்றுக்கு `acknowledgePurchase` அனுப்புவதே இதற்குத் தீர்வு. கைபேசி மாற்றியவர் அதே கூகுள் கணக்கில் நுழையும்போது அவருடைய சந்தாவை மீட்டெடுப்பதும் இதே வினவல்தான். புதுப்பித்தல்களுக்கு ஒப்புகை தேவையில்லை என்பதால் பழைய சந்தாதாரர் கணக்கில் இக்குறை தென்படாது. பணம் கட்டியும் பொருள் கிடைக்காத வாடிக்கையாளரைக் காக்கும் இவ்விதி நியாயமானது; சோதனைக் கணக்குகளுக்குக் கெடு சில நிமிடங்களே என்பதால், வெளியீட்டுக்கு முன்பே இதைக் கண்டறியாத நிறுவனம் கடையைக் குறை கூறுவதில் பொருளில்லை.