கதவைத் திறந்தவருக்குத் தெரியுமா?

அந்த ஸ்கிரீன்ஷாட் உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். மூணு கதவு, ஒண்ணுக்குப் பின்னாடி கார், மத்த ரெண்டுல ஆடு. நீங்க ஒரு கதவைச் சொன்னதும் தொகுப்பாளர் வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார். இப்போ கதவை மாத்தணுமா?

கணக்குக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: கார் எங்கே என்று அவருக்குத் தெரியுமா?

300 முறை விளையாடுறீங்கன்னு வைங்க. சுமார் 100 முறை கார் உங்க கதவில், 200 முறை மற்ற ரெண்டில். அவருக்குத் தெரியும், எப்பவும் ஆட்டைத்தான் காட்டுவார் என்றால், மாத்தினா அந்த 200-லும் ஜெயிப்பீங்க.

தெரியாமல் ஏதோ ஒண்ணைத் திறக்கிறார் என்றால், அந்த 200-ல் சுமார் 100 முறை காரே வெளியே வந்து ஆட்டம் முடிஞ்சிடும். ஆடு வந்த மீதி 200-ல் உங்க கதவுக்கு 100, மற்றதுக்கு 100. மாத்தினாலும் ஒண்ணுதான், மாத்தாட்டியும் ஒண்ணுதான்.

1990-ல் அமெரிக்காவின் ‘பரேட்’ இதழில் மர்லின் வாஸ் சவந்த் பதில் சொன்ன கேள்வியில், தொகுப்பாளருக்கு விஷயம் தெரியும் என்றே இருந்தது. அதை வெட்டிட்டு ஷேர் பண்ணினா, ரெண்டு பதிலுக்கும் இடம் இருக்கும், சண்டை முடியாது.