அடையாள அட்டை கேட்கும் இணையத்தளம்

குருவிட்ட தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது வெளிநாட்டு வேலையைக் கைப்பேசியில்தான் தேடுகிறார்கள். ஒரு வேலைத்தளம் நல்லதா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது விளம்பரத்தின் அடியைத்தான். முகவர் நிலையத்தின் பெயரும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுத்த அனுமதிப்பத்திர இலக்கமும் அங்கே இருக்க வேண்டும். இருந்தாலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த நிலையமும் அந்த வேலையும் பதிவில் உண்டா என்று கேளுங்கள். படிப்பையும் அனுபவத்தையும் கேட்காமலே "நீங்கள் தெரிவாகிவிட்டீர்கள்" என்று சொல்லும் தளம் உங்களுக்குப் பொருத்தமான வேலையைத் தேடவே இல்லை. அடுத்த செய்தியில் பதிவுக் கட்டணம் கேட்டு, தனியார் ஒருவரின் வங்கிக் கணக்கைத் தந்தால் அத்தோடு விலகிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை இந்தத் தளங்கள் கேட்கும் அடையாள அட்டைப் பிரதிதான். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1998க்குப் பின் 532 என்றிருந்தால், பெப்ரவரி 1இல் பிறந்த பெண் என்று யாரும் படித்துவிடலாம். விண்ணப்பிக்கும்போது பெயர், படிப்பு, அனுபவம், தொலைபேசி இலக்கம் போதும். அடையாள அட்டை, கடவுச்சீட்டுப் பிரதிகளை, பதிவைச் சரிபார்த்த பிறகு முகவர் நிலையத்தின் அலுவலகத்துக்கே போய்க் கொடுங்கள்.