'மெஷின் பொய் சொல்லாது' என்பது உண்மையா? கேமராவும் லாக்கும் எழுத்துக்கு எதிராக நிற்கும்போது...

2015 அக்டோபர். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற சின்ன ஊர். அங்குள்ள அஞ்சலகத்தை நடத்துபவர், தன் பொறுப்பில் இருக்கும் துணைக் கிளைக்கு 8,000 பவுண்டு ரொக்கத்தை ஒரு பையில் கொண்டுபோகிறார். பையின் பார்கோடை ஸ்கேன் செய்து, 'பணம் வந்து சேர்ந்தது' என்று ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுகிறார். என்டர் அழுத்துகிறார். திரை நகரவில்லை. மறுபடி அழுத்துகிறார், மறுபடியும். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

கடைசியில் கணினியில் நான்கு முறை 8,000 ஏறியிருக்கிறது. கணக்குப்படி 32,000 பவுண்டு இருக்க வேண்டும், கையில் இருப்பதோ 8,000. மீதி 24,000 எங்கே?

இப்போது விசாரிக்கும் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம், பயனர் அடையாளம், நேரம், தொகை எல்லாம் பதிவான லாக். இன்னொரு பக்கம், 'ஒரு பைதான் வந்தது' என்று ஒரு மனிதர் தரும் விளக்கம். பிரிட்டன் அஞ்சல் நிறுவனம் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட தகராறுகளில் லாக் பக்கமே நின்றது. சட்டமும் அதற்குத் தோதாக இருந்தது. கணினி சரியாக இயங்கியது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும் என்ற விதி 2000-ல் போய்விட்டது. அதன்பின், தவறு இருக்கிறது என்று காட்டும் சுமை எதிர்த்தரப்பின் தலையில் விழுந்தது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்ததை 2019-ல் லண்டன் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

டால்மெலிங்டன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே லாக் பொய் சொல்லவே இல்லை. என்டர் நான்கு முறை அழுத்தப்பட்டது நிஜம்தான். ஆனால், லாக் பார்த்தது விசையை, பணத்தை அல்ல. 'நான்கு முறை உள்ளீடு வந்தது' என்ற பதிவை 'நான்கு பை வந்தது' என்று மனிதர்கள்தான் வாசித்தார்கள்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம்? நான்கு பதிவுகளிலும் பையின் அடையாள எண் ஒன்றே. ஒரே பை நான்கு தடவை வந்து சேர முடியாது. பணம் புறப்பட்ட கிளையின் கணக்கிலும் ஒரே ஒரு 8,000-தான் வெளியே போயிருக்கும். அதாவது, சண்டை போடும் இரண்டு ஆவணங்களையும் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கையாலோ அந்த விசையாலோ உருவாகாத மூன்றாவது தடத்தைத் தேட வேண்டும். மென்பொருளை உருவாக்கிய நிறுவனமே பிறகு தேடிப் பார்த்தபோது, ஒரே பை எண் திரும்பத் திரும்பப் பதிவான சம்பவங்கள் ஐந்து ஆண்டுகளில் 112 இருந்தன. தேடினால் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நம்ம ஆபீஸ் கருவிகளும் இப்படித்தான். கதவு லாக்குக்கு அட்டை தெரியும், அட்டையைக் கையில் வைத்திருந்தவர் யாரென்று தெரியாது.

கேமராவின் கடிகாரம் யாருடையது?

கேமரா பதிவில் முதலில் சந்தேகிக்க வேண்டியது படத்தை அல்ல, அதன் மூலையில் ஓடும் நேரத்தை. ஒரு உதாரணம். கிடங்கின் கேட் பதிவேட்டில் 'லாரி 9.10-க்கு வெளியே போனது' என்று வாட்ச்மேன் எழுதியிருக்கிறார். கேமராவில் அதே லாரி 8.52-க்குப் போகிறது. 18 நிமிட வித்தியாசம். வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

மொபைலில் நெட்வொர்க் நேரம் தெரியும்படி வைத்து, டிவிஆர் திரையையும் சேர்த்து ஒரே போட்டோவில் எடுங்கள். இணையத்தோடு இணைக்காத டிவிஆரில், பொருத்த வந்தவர் அன்றைக்கு வைத்துவிட்டுப் போன நேரம்தான் ஓடும். அது மெதுவாக விலகிக்கொண்டே போகும். இன்றைக்கு 18 நிமிடம் பின்தங்கி இருந்தால் புதிர் பாதி தீர்ந்தது. பாதிதான். ஏனென்றால், சம்பவ நாளில் எவ்வளவு விலகி இருந்தது என்பது இன்னும் தெரியாது. அன்றைய காட்சியிலேயே வேறொரு இடத்தில் நேரம் பதிவான ஒரு செயலைப் பிடியுங்கள். எடைமேடையில் ரசீது அச்சாகும் நொடி, டீக்கடையில் யுபிஐ பணம் கட்டும் நொடி என எதுவானாலும் சரி. ரசீதின் நேரத்தையும் திரையின் நேரத்தையும் கழித்தால் அன்றைய விலகல் கிடைத்துவிடும். சர்வர் லாக் என்றால் இன்னொரு பொறி: பலவற்றில் நேரம் யுடிசி-யில் இருக்கும், இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். வித்தியாசம் சரியாக 5.30 என்று வந்தால் யாரையும் திட்ட வேண்டாம்.

காட்சியில் இடைவெளி இருந்தாலும் உடனே 'அழிச்சிட்டாங்க' என்று முடிவு கட்ட முடியாது. அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் அமைப்பில் இடைவெளி இயல்பு. மற்ற நாட்களிலும் அதே நேரத்தில் இடைவெளி விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

'பார்த்தேன், ஒன்றுமில்லை' போதுமா?

2010-ல் வாரணாசி ஓட்டல் ஒன்றில் இத்தாலியப் பயணி ஒருவர் இறந்தார். உடன் வந்த இருவர் கொலைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டனர். ஓட்டலில் கேமரா இருந்தது. பதிவைப் பார்த்ததாகவும் அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் போலீஸ் தரப்பு சொன்னது, பதிவை நீதிமன்றத்தில் தரவில்லை. டொமாசோ புருனோ வழக்கு என்று அறியப்படும் அந்த மேல்முறையீட்டில் 2015-ல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கையில் இருந்த முக்கியமான சாட்சியத்தைத் தராவிட்டால், அது தராதவருக்கே பாதகமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. காட்சியைப் பார்த்தவர் எழுதும் குறிப்பும் ஒரு எழுத்து விவரம்தான், காட்சிக்கு அது மாற்று இல்லை.

ஆகவே முரண்பாடு தெரிந்த அன்றே பதிவை எடுத்துவைக்க வேண்டும். டிவிஆர் வட்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிவிடும். 'அடுத்த வாரம் விசாரிக்கலாம்' என்பது பல இடங்களில் 'இனி விசாரிக்கவே முடியாது' என்று ஆகிவிடுகிறது. திரையை மொபைலில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது பாதுகாப்பே அல்ல, அனுப்பும்போதே கோப்பு சுருங்கி மாறிவிடும். கருவியின் மூல வடிவத்திலேயே நகலெடுத்து, கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறித்துவைக்க வேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். லினக்ஸில் ஒரு வரி:

```
sha256sum gate_cam.avi
```

நீதிமன்றம் வரை போனால், பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழிலும் இந்த மதிப்பு இருக்க வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும், நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும்.

எழுதியவரிடம் என்ன கேட்பது?

காட்சியைக் காட்டுவதற்கு முன்பே அவர் விளக்கத்தை எழுதி வாங்குங்கள். காட்டிவிட்டுக் கேட்டால் திரையில் பார்த்தது நினைவாகத் திரும்பி வரும், அவர் பொய் சொல்ல நினைக்காவிட்டாலும்கூட. பிறகு காட்சியைக் காட்டி, வேறுபாட்டுக்குத் தனியாக இன்னொரு விளக்கம் வாங்கலாம். முதலில் எழுதியதை அடிக்கவோ, வெள்ளை மை பூசவோ, புதுப் பக்கத்தில் மாற்றி எழுதவோ விடக் கூடாது. தேதி போட்டுக் கீழே இணைப்புக் குறிப்பாகச் சேர்க்கலாம். மேலதிகாரிகள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'கேமராவுக்குத் தகுந்த மாதிரி திருத்திக் கொடுங்க' என்று சொல்லிவிட்டால், முரண்பாடு மறையும், ஆதாரமும் சேர்ந்தே மறையும்.

வாட்ச்மேன் கதைக்கு வருவோம். எடைமேடை ரசீது 9.06. காட்சியில் அதே அச்சு நடக்கும் நொடி 8.51. ஆக அன்றைய விலகல் 15 நிமிடம். லாரி உண்மையில் வெளியேறியது 9.07. பதிவேட்டில் மிச்சமிருக்கும் மூன்று நிமிடம், லாரி போன பிறகு உட்கார்ந்து எழுதிய நேரம்.